பதினேழாம் மேசையின் விசாரிப்பு

ஷரிபுதீன் ஆட்களை வரவேற்கும் விதத்தில் ஒரு விசேஷம் உண்டு. அதைக் கேட்ட எவரும் நடையைக் கூட்டாமல் இருந்ததில்லை. போன வருடம் கல்முனையில் நடந்த தொழிற்சந்தையில் ஒரு பையனை மறித்து, "தம்பி, வேலை தேடுறீங்களா?" என்று அவர் கேட்க, பையன் யன்னல் வழியாக வெளியே போய்விட்டான். யன்னலுக்குக் கம்பி போட்டிருந்தது. கம்பி வளையவுமில்லை. எப்படிப் போனான் என்று இன்றுவரை யாரும் விளக்கம் சொல்லவில்லை.

றஞ்சிதமலர் இந்தக் கதையை முதலில் நம்பவில்லை. இன்று காலை ஒலுவில் பல்கலைக்கழக வளாக மண்டபத்தில், இந்த வருடத் தொழிற்சந்தையில், பதினேழாம் இலக்க மேசைக்குப் பின்னால், பிளாஸ்டிக் கதிரையில் ஒன்றரை மணித்தியாலம் குந்தியிருந்து பார்த்த பிறகு, கம்பி விஷயம் உட்பட முழுவதையும் நம்பினாள்.

அவள் நீலவயல் அரிசி ஆலையின் ஆய்வுகூடப் பொறுப்பாளர். ஆலை நிந்தவூருக்கு மேற்கே வயல்வெளி தொடங்கும் இடத்தில் இருக்கிறது. லொறியில் வரும் நெல்லின் ஈரம் பார்ப்பது, தீட்டிய அரிசியில் உடைந்த குறுணல் எவ்வளவு, கல் எவ்வளவு என்று பார்ப்பது, இது சரி இது சரியில்லை என்று கையெழுத்து வைப்பது அவளுடைய வேலை. ஏழு மாதங்களுக்கு முன்பு அவளுக்கு உதவியாக இருந்த பெண் கட்டாருக்குப் போனாள். அன்றிலிருந்து இரண்டு பேருடைய நிற்றலை ஒரே முழங்கால் நின்றுகொண்டிருக்கிறது. அந்த முழங்காலோ, இரண்டு வருடமாக ஒப்பரேசனுக்குக் காத்திருக்கிற முழங்கால். ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் திகதி கொடுத்தார்கள். இரண்டு தரமும் அறுவடை வந்து குறுக்கே நின்றது. மூன்றாந்தரமாக வருகிற மாதம் பன்னிரண்டாம் திகதி என்று சொன்ன டொக்டர், "இதையும் தள்ளினா அம்மா, உங்கட பெயர் அடியில போயிரும். பிறகு எப்ப மேல வருமெண்டு எனக்குத் தெரியாது" என்றார்.

ஆலை முகாமையாளரும் ஒன்று சொன்னார். அவளுடைய இடத்தில் நிற்க ஒரு ஆளை எடுத்தால்தான் லீவு. எடுக்காவிட்டால் லீவு இல்லை. ஆள் எடுப்பது ஷரிபுதீனின் வேலை. ஆலையின் ஆளணி அலுவலர் அவர்தான். ஐம்பத்தாறு வயது, நல்ல மனுசன், முப்பது வருடமாக ஒரே நீலச்சட்டை. ஆள் எடுக்க இந்த மாதத்தில் இருந்த ஒரே நாள் இன்று. மண்டபம் மாலை நாலு மணிக்குப் பூட்டப்படும்.

"மிஸ், நீங்க கால நீட்டிக்கொண்டு இரிங்க. நான் பாத்துக்கிறன்" என்று காலையிலேயே ஷரிபுதீன் சொல்லியிருந்தார்.

அவளும் காலை நீட்டிக்கொண்டு பார்த்தாள். மாணவர்கள் வந்தார்கள், போனார்கள். மூன்று மூன்று பேராக, நாலு நாலு பேராக, கையில் கோப்பும் கழுத்தில் அடையாள அட்டையுமாக. ஷரிபுதீன் மேசைக்குப் பின்னால் இருந்து கழுத்தை நீட்டி ஒவ்வொரு கூட்டத்திடமும், "வேலை தேடுறீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சேர்."

"இல்ல, சும்மா பாக்க வந்த."

ஒருவன், "எனக்கு வேலை இரிக்கி" என்றான். அவனுடைய அட்டையில் இரண்டாம் வருடம் என்று போட்டிருந்தது.

அந்தக் கேள்விக்கு இருக்கிறது இரண்டே பதில். ஓம் என்றால் கூட வருகிற மூன்று சிநேகிதருக்கும் முன்னால் தன்னை வேலையில்லாதவன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்றால் நடக்கலாம். நடப்பது லேசு. றஞ்சிதமலருக்கு இது பத்து நிமிடத்தில் விளங்கியது. ஷரிபுதீனுக்கு முப்பது வருடத்தில் விளங்கவில்லை, அவள் சொல்லப்போகவுமில்லை. களைப்பு என்று ஒன்று இருக்கிறது. அது விளங்கியதைச் சொல்லவும் விடாது.

நாலுகால் மேசையில் காற்கிலோ அரிசிப் பொதிகள் அறுபது அடுக்கி வைத்திருந்தார்கள். அதுவும் ஷரிபுதீனின் யோசனைதான். பொதியைக் கண்டு நிற்பார்கள் என்றார். நின்றார்கள். பொதியை எடுத்தார்கள். போனார்கள். அறுபதும் இருபது நிமிடத்தில் தீர்ந்தது. ஒருத்தி ஒரு தரம் கண்ணாடியோடும் ஒரு தரம் கண்ணாடியில்லாமலும் வந்து இரண்டு பொதி கொண்டுபோனாள். எடுத்துப் போனவர்களில் ஒருவர்கூட ஆலை எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை.

பக்கத்துப் பதினாறாம் மேசை ஒரு மென்பொருள் கம்பனியுடையது. அங்கே டிலக்சினி என்ற கல்முனைப் பிள்ளை தனியாக நின்றாள். மேசையில் ஒரு மிட்டாய்கூட இல்லை. ஆனால் அவளைச் சுற்றி எப்போதும் நாலு பேர். அவள் மேசைக்குப் பின்னால் போகவே இல்லை. முன்னுக்கு, கொஞ்சம் பக்கவாட்டில், வழியை மறிக்காமல் நின்றாள். கையில் போன் கிடையாது. வருகிறவர் மூன்று நாலு காலடித் தூரத்தில் வரும்போது முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். கூட்டமாக வந்தால் முன்னுக்கு வருகிற வாய்க்காரனை விட்டுவிட்டு, பின்னுக்கு நின்று பலகையை வாசிக்கிறவனைப் பார்த்துக் கேட்பாள்: "நீங்க என்ன படிக்கிறீங்க? கடைசியாச் செய்த புரொஜெக்ட் என்ன?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள். அதுதான் பெரிய விஷயம். பதில் வரும்வரை மூடிய வாய் திறக்காது. அவன் சொல்லத் தொடங்க, மற்ற மூவரும் தாமாகவே நின்றுவிடுவார்கள்.

பத்தரை மணிக்கு டிலக்சினிக்கு இரக்கம் வந்தது.

"அங்கிள், கோவிக்காதீங்க. மேசைக்கு முன்னால வாங்க. வேலை வேணுமா எண்டு கேக்காதீங்க."

"அப்ப என்னத்தக் கேக்கிற?"

"அவங்களப் பத்திக் கேளுங்க. ஓம், இல்ல எண்டு முடிக்க ஏலாத கேள்வியாக் கேளுங்க."

ஷரிபுதீன் இரண்டு நிமிடம் யோசித்தார். முகம் தெளிந்தது. மேசையைச் சுற்றி முன்னுக்கு வந்தார். சட்டையை இழுத்துவிட்டார். முதலில் வந்த பெண்பிள்ளையைப் பார்த்தார்.

"புள்ள, எந்த ஊரு?"

"நிந்தவூரு" என்றாள் அவள், நடந்துகொண்டே.

"நிந்தவூர்ல ஆருட மகள்?"

அவள் நின்றுவிட்டாள்.

அந்தக் கிழக்குக் கரையில் பொலிஸ் மறித்தாலும் நிற்காமல் போன மோட்டார் சைக்கிள்கள் உண்டு. 'ஆருட மகன்' என்று ஒரு பெரியவர் கேட்டு நிற்காமல் போன கால் ஒன்றுகூடக் கிடையாது. மூளைக்குச் சேதி போகுமுன் கால் நின்றுவிடும். கல்முனைக்கடலில் ஒரு தரம், கரையிலிருந்து ஒருவர் இப்படிக் கேட்டு, வெளிக்கிட்ட தோணி திரும்பி வந்து பதில் சொல்லிவிட்டுப் போனதாகக் கதை இருக்கிறது. தோணியில் இருந்தவர்கள் அதை மறுக்கவில்லை.

"பஸால்ட மகள். பேர் றிபா."

"எந்தப் பஸால்? ஹாட்வெயார் பஸாலா? பள்ளிக்குப் பின்னால?"

"ஓம், அவருதான்."

"அப்ப உம்மா... பொறு, பொறு. உங்கட உம்மாட காக்கா, மூத்த மாமா, அவரும் நானும் ஒண்டாப் படிச்ச. வீட்ட நீங்க மூத்தவங்களா?"

"ரெண்டாவது."

"தங்கச்சிமார் இரிக்காங்களா? எத்தின பேர்?"

எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினார். றிபா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு, "சரி புள்ள, வாப்பாட்ட ஸலாம் சொல்லுங்க" என்றார். அவள் போய்விட்டாள்.

அதன் பிறகு பதினேழாம் மேசைக்கு முன்னால் வரிசை வந்தது. கல்முனையிலிருந்து வந்த கிசோக் என்ற பையன் அகப்பட்டான். அவனுடைய தகப்பன் கணக்கு வாத்தியார் என்று வெளிவந்ததும், "சேர், நான் கணக்கு விட்டுட்டு வேற பாடம் மாறினது அப்பாக்குத் தெரியாது, சொல்லிராதீங்க" என்று கெஞ்சினான். ஷரிபுதீன் அதையும் எழுதி, பக்கத்தில் 'சொல்லக்கூடாது' என்று அடிக்கோடு போட்டார். ஒரு மணித்தியாலத்தில் நாற்பத்தொரு பேர் நின்றார்கள். பதினாறாம் மேசை டிலக்சினியே எட்டிப் பார்த்தாள்.

"எப்பிடி மிஸ்?" என்றார் ஷரிபுதீன், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

றஞ்சிதமலர் கொப்பியை வாங்கிப் புரட்டினாள். தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர், தெரு, எத்தனையாவது பிள்ளை, எத்தனை தங்கச்சிமார். ஒருவர் என்ன படிக்கிறார் என்றுகூட அதில் இல்லை.

"ஷரிபுதீன் நானா, வேலயப் பத்தி ஆரிட்டயும் கதைச்சீங்களா?"

"முதல்ல நிப்பாட்டணும் மிஸ். மாடு நிண்டாத்தானே பால் கறக்கலாம்."

"நிண்ட மாட்டையெல்லாம் நீங்க வம்சம் விசாரிச்சுப்போட்டு அவுத்து விடுறீங்க."

"பின்னேரம் கறப்பம்" என்றார் அவர்.

பன்னிரண்டு மணிக்கு மேல் றஞ்சிதமலர் ஒரு வித்தியாசத்தைக் கண்டாள். பெண்பிள்ளைகள் பதினேழாம் மேசைப் பக்கம் வருவதில்லை. தூணோரம் கூட்டமாக நின்று ஷரிபுதீனைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். மேசையைக் கடக்க வேண்டி வந்தவர்கள் கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தி மட்டும் மூன்று தரம் மெதுவாகக் கடந்து போனாள்.

காலையில் நின்றாளே றிபா, அவள் வெளியே போய்த் தன் சாச்சிக்கு, அதாவது சின்னம்மாவுக்கு, போன் எடுத்திருந்தாள். "சாச்சி, இஞ்ச ஒரு ஆள் வந்து பொம்புளப் புள்ளைகள விசாரிக்காரு. நல்ல இடம் போல. எழுதி எழுதி எடுக்காரு" என்று சொல்லியிருந்தாள். பொய்யாக ஒரு சொல்கூட அதில் இல்லை.

மதியத்து லுஹர் தொழுதுவிட்டு ஷரிபுதீன் திரும்பி வந்து இருக்க, அந்தச் சாச்சி வந்து சேர்ந்தாள். பெயர் சுபைறா. நிந்தவூரில் பஸ் ஏறி வந்த கையோடு, ஒரு கையில் குடை, மறுகையில் மகள். மகள் அம்ஹா கடைசி வருடப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவள். காலையிலிருந்து மண்டபத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தவளை வாசலில் பிடித்து இழுத்து வந்திருந்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். விசாரிக்கிற ஆள் நீங்கதானே?"

"வஅலைக்குமுஸ்ஸலாம். ஓம், நான்தான். இரிங்க, இரிங்க."

"இவ எங்கட மகள் அம்ஹா. உணவுத் தொழில்நுட்பம் படிச்சு முடிச்சிட்டா. இவட வாப்பா பக்கீர் முகைதீன் மௌத்தாகி நாலு வருஷம். எல்லாத்தையும் நான்தான் பாக்கணும்."

"அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும்" என்றார் ஷரிபுதீன். இறந்தவருக்காக உண்மையான கவலையோடு சொன்னார். "நல்லாப் படிப்பிச்சிரிக்கீங்க. எங்களுக்கும் பொறுமையான, கண்ணுங் கருத்துமான ஒரு ஆள்தான் தேவ."

அம்ஹா தாயின் முந்தானையை இழுத்தாள். "உம்மா..."

"நீ சும்மா இரி." சுபைறா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டாள். "ஒண்ட முன்னுக்கே சொல்லிரன். வீடு இன்னும் முடியல்ல. கொங்கிறீட் பிளேட் போட்டுக் கிடக்கு. மேல கட்ட இன்னும் கொஞ்சம் தவண வேணும்."

அந்தக் கரையில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மருமகனை அதற்குள் கொண்டுவருவது பெண் வீட்டார் பொறுப்பு. வீடு முடியாத வீட்டுக்காரி அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் கௌரவம். இது ஷரிபுதீனுக்குத் தெரியாததல்ல. அவருக்கே மூன்று பெண்கள். ஆனால் அவருடைய மனம் அப்போது ஆலையில் இருந்தது.

"வீட்டப் பத்தி யோசிக்கவே வேணாம்" என்றார். "தங்குறதுக்கு நாங்க இடம் தாறோம்."

சுபைறாவின் குடை கையிலிருந்து நழுவியது. "நீங்களே தாறீங்களா?"

"ஓம். கரண்ட், தண்ணி எல்லாம் எங்கட."

"ஸுப்ஹானல்லாஹ்."

இந்த இடத்தில் றஞ்சிதமலருக்கு விஷயம் விளங்கிவிட்டது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து அந்தக் கதிரையில் அவளுக்குக் கிடைத்த முதல் சந்தோசம் இது. இன்னும் இரண்டு வசனம் போகட்டும் என்று விட்டாள். அந்தப் பாவத்தை அடுத்த ஞாயிறு, தேவாலயத்தில் பூசைக்கு முன்னால் சுவாமியிடம் சொல்லவும் செய்தாள். சுவாமி சிரித்துவிட்டு மன்னித்தார்.

"முதல் ஆறு மாசம் பாப்பம்" என்று தொடர்ந்தார் ஷரிபுதீன். "ரெண்டு பக்கத்துக்கும் சரி வந்தா நிரந்தரம். சரி வராட்டி ஒரு மாசத்துக்கு முன்னுக்குச் சொல்லிட்டுப் போகலாம்."

"என்ன சொன்னீங்க?"

"எல்லாருக்கும் அதே முறதான், உங்கட மகளுக்கு மட்டுமில்ல. போன வருஷம் அஞ்சு பேர எடுத்தம். மூணு பேர் சரியில்லெண்டு அனுப்பிட்டம்."

சுபைறா எழும்பினாள். எழும்பின வேகத்தில் பிளாஸ்டிக் கதிரை பதினாறாம் மேசைவரை போனது.

"அஞ்சு பேரா! மனுசனா நீ? வயசென்ன, தாடியென்ன, வாய்க்க இருந்து வாற கதையென்ன!"

"உம்மா!" அம்ஹா தாயின் கையைப் பிடித்தாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகம். "உம்மா, இது கலியாணமில்ல. வேல. அரிசி ஆலயில வேல. மேல பலகையில எழுதிக் கிடக்கு, பாருங்க."

சுபைறா பலகையைப் பார்த்தாள். நீலவயல் அரிசி ஆலை, வேலைவாய்ப்பு என்று முழ நீளத்துக்கு எழுதிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு நெற்கதிர்ப் படமும் இருந்தது. மண்டபத்தில் அரைவாசிப்பேர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். மற்ற அரைவாசி எழும்பி வந்துகொண்டிருந்தது.

"வேலைக்கா?" என்றாள் சுபைறா. இப்போது குரல் தணிந்திருந்தது. அதுதான் கூடுதல் பயம். "வேலைக்கெண்டா, எங்கட றிபாட்ட ஆருட மகள் எண்டு எதுக்கு கேட்ட? தங்கச்சிமார் எத்தின எண்டு எதுக்கு கேட்ட?"

ஷரிபுதீன் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "நிப்பாட்டத்தான்" என்றார்.

"என்னத்த நிப்பாட்ட?"

"போற புள்ளைகள. வேற எதக் கேட்டாலும் நிக்கிறாங்க இல்ல."

அப்படி ஒரு உண்மையை சுபைறா எதிர்பார்த்து வரவில்லை. குடையை எடுத்தாள், மகளின் கையைப் பிடித்தாள், திரும்பினாள். அம்ஹா ஒரு தரம் பலகையைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தாயோடு நடந்தாள். ஷரிபுதீன் கதிரையில் இருந்தார். இனி எந்தப் பிள்ளை அந்த மேசைக்கு வரும்? நாலு மணிக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. ஆனால் பதினேழாம் மேசைக்கு அந்த நாள் முடிந்துவிட்டது.

றஞ்சிதமலர் அந்தப் பிள்ளையின் முதுகைப் பார்த்தாள். உணவுத் தொழில்நுட்பம். நிந்தவூர். ஆலைக்கு நடந்து வரலாம். காலையிலிருந்து இந்த மண்டபத்தில் அலைந்திருக்கிறாள். ஆக, வேலை தேடுகிறவள். வாசலுக்கு இன்னும் முப்பது காலடி. அந்த முப்பது காலடியையும் அவள் நடந்து முடித்தால் பன்னிரண்டாம் திகதி போய்விடும்.

மேசை விளிம்பைப் பிடித்து எழும்பினாள். முழங்கால் தன்னுடைய அபிப்பிராயத்தைச் சொன்னது. அவள் கேட்கவில்லை. மேசையைச் சுற்றி முன்னுக்கு வந்தாள். சிரிக்க வேண்டும் என்று தெரியும், சிரிப்பு வரவில்லை. என்ன படித்தீர்கள் என்று கேட்க வேண்டும்; அது ஏற்கனவே தெரியும். ஆருட மகள் என்பதும் தெரியும். கேட்பதற்கு என்று ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. உள்ளதைச் சொல்வது மட்டும்தான் மிச்சம்.

"மகள், அம்ஹா, ஒரு நிமிசம். வாற மாசம் பன்ரெண்டாந் திகதி எனக்கு முழங்கால் ஒப்பரேசன். என்ட ஆய்வுகூடத்தில நிக்க எனக்கு ஆளில்ல. ரெண்டு தரம் தள்ளிப்போட்டுட்டன். இனித் தள்ள ஏலா."

அம்ஹா நின்றாள். தாய் நிற்கவில்லை, கை இழுபட்டபோதுதான் நின்றாள்.

அம்ஹா முழங்காலைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். "ஆய்வுகூடத்துல என்னென்ன பாக்கிறீங்க, மிஸ்?" என்றாள்.

அறுபது அரிசிப் பொதிக்கும் நாற்பத்தொரு குடும்ப வரலாற்றுக்கும் பிறகு, அன்று பதினேழாம் மேசையில் ஒரு மாணவி வேலையைப் பற்றிக் கேட்ட முதற்கேள்வி அதுதான். றஞ்சிதமலர் விரல் மடித்துச் சொல்லத் தொடங்கினாள்.

"நெல் வந்தா ஈரம். தீட்டினா குறுணல், கல், கறுப்பரிசி. ஈரம் பாக்கிற மெசின் ஒண்டு இருக்கு."

"எங்களுக்கு நெல்ல ஓவன்ல காயவெச்சு, முன்னுக்கும் பின்னுக்கும் நிறுத்துப் பாக்கத்தான் படிப்பிச்ச. மெசின் பழக்கமில்ல."

"அதுதான் வேணும். மெசின் சொல்றது சரியோ எண்டு நான் ஓவனில வெச்சுத்தான் பாக்கிறன். மெசின் பழக ஒரு நாள் காணும். நூத்துக்குப் பதினாலுக்கு மேல ஈரமெண்டா என்ன செய்வீங்க?"

"எடுக்கேலா. காயவெச்சுக் கொண்டு வரச் சொல்லணும்."

"வியாபாரி சண்ட பிடிப்பான். உன்ட மெசின் கள்ள மெசின் எண்டுவான். லொறிக்கு முன்னால வந்து நிண்டு சத்தம் போடுவான்."

"இவட வாப்பா நெல் வியாபாரிதான்" என்றாள் சுபைறா, வேண்டாவெறுப்பாக. "அந்தச் சத்தமெல்லாம் கேட்டு வளந்த புள்ளதான் இது."

ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. தானாகச் சொன்னாள். சொன்ன பிறகு, சொல்லிவிட்டோமே என்ற மாதிரி குடையைத் தரையில் குத்திக்கொண்டு நின்றாள்.

"இந்த வேல பிடிக்குமா மகள்?" என்று கேட்டாள் றஞ்சிதமலர்.

"காலத்தால ரெண்டு தரம் இந்த மேசைக்கிட்ட வந்த நான்" என்றாள் அம்ஹா. "ரெண்டு தரமும் அந்தச் சேர் ஆருட மகள் எண்டு கேக்கிறது கேட்டிச்சி. வாப்பாட பேரச் சொல்லி மறுகா மௌத்து எண்டும் சொல்லணுமே எண்டு, வெட்கமோ என்னமோ, திரும்பிட்டன்."

ஷரிபுதீன் தலை குனிந்தார். கொப்பியை மூடி மேசைக்குக் கீழே வைத்தார்.

சுபைறா திரும்பி வந்தாள். கதிரையைப் பதினாறாம் மேசையிலிருந்து டிலக்சினியே கொண்டுவந்து போட்டாள். சுபைறா இருந்தாள்.

"ஒப்பரேசன் முடிச்சு நீங்க எப்ப வருவீங்க, மிஸ்?"

"மூணு மாசம் செல்லும்."

"வந்ததும் இவள அனுப்பிருவீங்களா?"

"இல்ல. அது ரெண்டு பேருக்குள்ள வேல. ஏழு மாசமா நான் ஒராள் செய்யிறன். காலப் பாருங்க, தெரியும்."

சுபைறா காலைப் பார்த்தாள். வீக்கம் சேலைக்கு மேலாலேயே தெரிந்தது. "அல்லாஹ்வே" என்றாள். பிறகு பழைய குரலுக்கு வந்தாள். "பொம்புளைகளுக்குத் தொழ இடம் இரிக்கா?"

"இருக்கு. சின்ன அறை."

"இருட்ட முந்தி வீட்ட வந்துருவாவா?"

"அஞ்சு மணிக்கு வெளிக்கிடலாம். அறுவடைக்குள்ள பிந்தினா ஆலை வேனில கொண்டு விடுவாங்க. பிந்தும், இல்லெண்டு பொய் சொல்ல மாட்டன்."

"சரி. சனிக்கிழம நாங்க வந்து பாக்கணும்."

ஷரிபுதீன் தலையை நிமிர்த்தினார். "என்னத்தப் பாக்க?"

"இடத்த. பாக்காமப் புள்ளயக் குடுப்பாங்களா?"

ஷரிபுதீன் பதில் சொல்ல வாயெடுத்தார். றஞ்சிதமலர் அவருடைய காலை மிதித்தாள், நல்ல காலால். "வாங்க. எல்லாரும் வாங்க" என்றாள். அம்ஹா விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தாள். தகப்பன் பெயர் எழுதும் இடத்தில் பேனை ஒரு கணம் நின்றது. பிறகு எழுதினாள்.

சனிக்கிழமை ஒரு வேனில் பதினொரு பேர் வந்தார்கள். வேன் எட்டுப் பேருக்குரியது. மிச்சம் மூன்று பேர் எப்படி வந்தார்கள் என்று வேன்காரனுக்கே தெரியாது. ஒரு மாமி கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்து உப்பில்லை என்றாள். இன்னொருத்தி பெண்கள் கழிவறையின் தாழ்ப்பாளை ஏழு தரம் போட்டு எடுத்தாள். ஏழாந்தரம் அது கையோடு வர, முகாமையாளர் அங்கேயே ஆளைக் கூப்பிட்டுப் புதிசு பூட்டுவித்தார். சுபைறா ஆய்வுகூடத்துக்குள் தனியாகப் போய், றஞ்சிதமலர் நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். நெற்தூசியில் இரண்டு தரம் தும்மினாள். யன்னலைத் திறந்து மூடினாள்.

"இஞ்ச ஒரு கதிர போடணும்" என்றாள் முகாமையாளரிடம். "ஏழு மாசமா ஒருத்தரும் இதச் சொல்லல்லயா? எங்கட புள்ள நிண்டுகொண்டே இரிக்கமாட்டா."

"போடலாம்" என்றார் முகாமையாளர்.

"இப்பவே."

போட்டார்கள். சுபைறா அதில் றஞ்சிதமலரை இருத்திவிட்டு, திங்கட்கிழமை காலை மகள் வருவாள் என்று சொல்லிப் போனாள்.

வேன் போன பிறகு றஞ்சிதமலர் அந்தக் கதிரையில் இருந்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தாள். மறுமுனையில் திகதி எழுதுகிற பிள்ளை பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கக் கனநேரம் எடுத்தது.

"பன்ரெண்டாந் திகதி முழங்கால். அதுதான் உறுதிப்படுத்த எடுத்த நான். வருவன்."

"அம்மா, உங்கட பேருக்கு நேர இதே மாதிரி ரெண்டு தரம் 'வருவன்' எண்டு எழுதிக் கிடக்கு."

"ஓம் மகள். அப்ப ஆளில்ல" என்றாள் றஞ்சிதமலர். "பதினோராந் திகதி பின்னேரம் வந்து வாட்டில படுக்கிறன். ஒரு கட்டில் பாத்து வைங்க."